பச்சைப் புள்ளி

இரவு எட்டரை மணிக்கு ஷைனி பல் தேய்த்து வந்ததும், ஆன்றோ விளக்கைக் குறைத்து, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைப்பான். மஸ்கட்டில் அப்போது ஏழு மணி. நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் முன் பெனிலா திரையில் வருவாள். மகளிடம் மூன்று கேள்வி, தினமும் அதே கதை, கடைசியில் திரைக் கண்ணாடியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. ஐந்து வயது ஷைனி அதற்கு நெற்றியைக் காட்டுவாள். பிறகு போனைக் கவிழ்த்துவிட வேண்டும். உறங்கும்வரை குரல் மட்டும்.

லைன் அறுந்தால் போனிலுள்ள செயலியே பெனிலாவின் முகத்தையும் குரலையும் உருவாக்கிப் பேச்சைத் தொடரும். அவளே பேசும்போது எரியும் திரையோரத்துப் பச்சைப் புள்ளி அப்போது அணைந்துவிடும்.

பதினொரு நாளாக அது எரியவில்லை. அவளுடைய நம்பருக்கு அழைப்பு போகவில்லை. அவளை வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. பிள்ளை பதறக்கூடாதென்று ஆன்றோ தினமும் சிரித்தபடி செம்பை எடுத்து வைத்தான்.

இன்று அவனால் முடியவில்லை. "பெனிலா, நீ எங்க இருக்க?" என்று கேட்டுவிட்டான்.

"மக்ளே, இன்னைக்குச் சோறு முழுசும் தின்னியா?" என்று திரை சிரித்தது.

ஷைனி பதில் சொன்னாள், கதை கேட்டாள், நெற்றியில் சிலுவையை வாங்கிக்கொண்டாள், தானே போனைக் கவிழ்த்தாள். உள்ளே தாலாட்டு தொடங்கியது. அவள் அப்பாவின் காதோடு வாயை வைத்தாள்.

"அவங்ககிட்ட புள்ளி எரியலன்னு சொல்லிராதீங்கப்பா. பொறவு இந்த அம்மாவும் வரமாட்டாங்க."