இருபத்தாறாவது எபிசோடின் ஒரு சொல்

“நான் ஏறுறேன்.”

பதினோராவது முறை சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

திரையில் இருப்பவன் பதினைந்து வயதுப் பையன். எழுபது மீட்டர் ரோபோவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவன். இந்த ஜப்பானிய அனிமேத் தொடரில் அவனுக்குக் குரல் நான். பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது எங்கள் தொழிலில் சகஜம்.

இன்று கடைசி எபிசோடு. எனக்கோ இன்றைக்கென்று மூளையே வேலை செய்யவில்லை.

காலையில் என் மகன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். பதினெட்டு வயது. ஏதோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சியாம். திரையிலும் வீட்டிலும் எனக்கு வாய்த்த பிள்ளைகள் இரண்டுமே இரும்பின் மேல் ஏறுகிற ஜாதி.

போகச் சொல்லி அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு ஏன் போனான்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

“முதல் எபிசோடுல சொன்ன அதே வசனம்தான். ஆனா அதே ஆள் இல்ல” என்றார் இயக்குநர்.

முதல் எபிசோடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரோபோவைச் செய்த அப்பாவே அவனை அதற்குள் தள்ளுவார். கால் பெடலுக்கு எட்டாது. ரோபோவின் கையில் அடி விழுந்தால் இவன் தன் கையைப் பிடித்துக்கொண்டு அலறுவான். இருவருக்கும் நரம்பு ஒன்று. அந்த அலறலுக்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒன்பதாவதில் ஏறமாட்டேன் என்று ரயில் பிடித்து ஓடினான். பதினேழாவதில் அப்பா செத்த கோபத்தில் ஏறி, எதிரியோடு சேர்த்துப் பாதி ஊரையும் மிதித்துத் தள்ளினான். இப்போது யாரும் கூப்பிடவில்லை, திட்டவில்லை. போரே முடிகிற நேரம். பேசாமல் வீட்டிலிருக்கலாம். ஆனாலும் ஏறுகிறான்.

கத்திச் சொன்னேன். சண்டைக்காரன் மாதிரி இருக்கிறது என்றார். தழுதழுத்தேன். பழைய சின்னப் பையன் என்றார். குரலைத் தடிப்பாக்கினேன். சவுண்ட் இன்ஜினியர் சிரித்தே விட்டார்.

காட்சியைச் சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டச் சொன்னேன்.

பையன் உள்ளே உட்காருகிறான். இருக்கையின் அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு பிடியை இழுக்கிறான். இருக்கையைப் பின்னால் தள்ளுகிறான். முழங்கால் இடிக்கிறது போலிருக்கிறது. பிறகுதான் வாயைத் திறக்கிறான். நாலு அசைவு.

பெடலுக்கு எட்டாத கால் வளர்ந்துவிட்டது. இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்?

காலையில் மகன் வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, “கெளம்புறேன்மா” என்றான். அதில் கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அந்தத் தொனியில் சொன்னேன்.

“ஓகே!” என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். எது ஓகே, ஏன் ஓகே என்று எனக்குத் தெரியவில்லை.

“அம்மா கேரக்டருக்குப் பேசுறவங்களுக்கு ஜுரம். ஒரே ஒரு சொல்தான், நீங்களே போட்டுடுங்க” என்றார்.

தாளைப் பார்த்தேன். அவன் ‘நான் ஏறுறேன்’ என்றதும், கீழே நிற்கும் அம்மா சொல்கிறாள்: ‘போ.’

“சார், ஊருக்குப் போற பிள்ளைகிட்ட யாராவது ‘போ’ன்னு சொல்வாங்களா? ‘போயிட்டு வா’ன்னு மாத்திக்கலாம்.”

“வாய் ஒரு தடவைதான் அசையுதும்மா. ஒட்டாது.”

மறுபடி பார்த்தேன். அம்மாவின் வாய் ஒருமுறைதான் திறக்கிறது. உடனே காட்சி மாறி, ரோபோவின் நெஞ்சுக் கதவு மெதுவாக மூடுகிறது. அங்கே யாருடைய முகமும் இல்லை. முகம் தெரியாத இடத்தில் எத்தனை சொல்லை வேண்டுமானாலும் போடலாம். எங்கள் தொழிலில் பழைய தந்திரம் அது.

“முகத்துமேல ‘போ’. மீதியைக் கதவுமேல போட்டுடறேன் சார்.”

அவர் யோசித்தார். “கதவு மூடினப்புறம் சொன்னா, அவனுக்குக் கேக்குமா?”

காலையில் நானும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் சொன்னேன், திரும்பிப் பார்க்காமல், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டு. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“போட்டுப் பாக்கலாம் சார்” என்றேன்.

ஒலிப்பதிவின் சிவப்பு விளக்கு எரிந்தது.