லைட் டீக்காரர்

டீக்கடைக்காரன் இடது ஜாடியில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டான்.

புதுமுகங்கள். மூன்று பேர், ஒரு டீ, எண்ண முடியாத போட்டோ. குடித்தது பாதி. மீதி பேப்பர் கப்போடு குப்பைக்கூடைக்குப் போனது.

இடது ஜாடி புதிதாக வருகிறவர்களுக்கு. வலது ஜாடி மறுபடியும் வருகிறவர்களுக்கு. இரண்டும் காலி பிஸ்கட் ஜாடிகள். யோசனை மனைவி ருக்குமணியுடையது.

"ஏனுங், லைக்க ஊத்தி டீ போட முடியுங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். வாங்குகிற பால் குறைந்துகொண்டே வந்தது அவளுக்குத்தான் முதலில் உறைத்தது.

டீ ஆற்றும் வீடியோக்களுக்காக நாற்பதாயிரம் பேர் போனில் அவனைப் பின்தொடர்ந்தார்கள். துபாயிலிருந்தெல்லாம் இதயம் அனுப்பினார்கள். துபாய்க்காரன் சிங்காநல்லூருக்கு டீ குடிக்க வருவானா? இந்தச் சின்னக் கேள்வி அவன் மண்டையில் ஏற ஒரு வருடம் ஆனது.

வாரக் கடைசியில் ஜாடிகளைப் பார்த்தான். இடதில் முக்கால் ஜாடி. வலதில் அடிகூட மூடவில்லை.

வந்தவன் திரும்பி வரவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தவனும் வரவில்லை.

போனைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினான். காணாமல் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். யார் பேரும் தெரியாது. டீ தெரியும். சர்க்கரை தூக்கல். ஆற்றாத டீ. இஞ்சி தட்டிப் போட்டது. லைட் டீ.

முதலில் சாலையில் சிக்கியவன் ஆற்றாத டீ. லேத் பட்டறையில் வேலை. கேட்டதில் பேர் குமரேசன்.

"பத்து நிமிசந்தானுங்ணா பிரேக்கு. நீங்க வீடியோவுக்கு ஆள் உசரத்துக்கு டீ ஆத்தி முடிக்கறதுக்குள்ள சங்கு ஊதிருது. அதான் அடுத்த வீதிக் கடைக்குப் போயிட்டோம்."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் வலித்தது.

மறுநாள் பட்டறைச் சங்குக்கு முன்பே புது டிகாஷன் இறக்கினான். பாலைக் கொதியில் நிறுத்தினான். கண்ணாடி கிளாஸ்களை வெந்நீரில் அலசி வரிசையாக வைத்தான். போட்டோக்காரர்களை ஓரமாக நிற்கச் சொன்னான். பட்டறை ஆட்கள் சாலையைக் கடப்பதற்குள் டீ தயாராக இருந்தது.

குமரேசன் வந்தான். அடுத்த நாள் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். சர்க்கரை தூக்கலும் இஞ்சி டீயும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார்கள்.

வீடியோவுக்கு வாங்கிய வட்ட விளக்கு பரணுக்குப் போனது. வலது ஜாடியில் கொட்டை ஏறியது. ருக்குமணி பால்காரரிடம் கூட இரண்டு லிட்டர் கேட்டாள்.

லைட் டீ மட்டும் வரவில்லை.

எதிர் அப்பார்ட்மென்ட் காவலாளி. நைட் டூட்டியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, விடிந்ததும் சீருடையோடு வருவார். ஒரு வாய் குடிப்பார். கண் தானாக மூடும். ராத்திரி முழுக்க நின்ற களைப்பு முகத்திலிருந்து இறங்கும். அதைப் பார்ப்பதற்கே அவருக்கு டீ போடலாம்.

பார்த்ததோடு விடவில்லை. வீடியோ எடுத்தான். ஒன்பது லட்சம் பேர் பார்த்தது அதைத்தான்.

அப்பார்ட்மென்ட் கேட்டில் இப்போது வேறு ஆள். போய்க் கேட்டான்.

"சென்னியப்பண்ணனுங்களா? அவர நிறுத்தி ரொம்ப நாளாச்சுங். உங்க வீடியோவத்தான் சூப்பர்வைசர் காமிச்சாராம்."

பேர் சென்னியப்பன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்லாவைத் திறந்து போனை எடுத்தான். வீடியோவில் அவர் கண்மூடிக் குடிக்கிறார். சட்டையில் கம்பெனிப் பேர் பளிச்சென்று இருக்கிறது. மேலே மஞ்சள் எழுத்து. அவனே எழுதியது.

'டூட்டியாவது மண்ணாவது, டீதான் முக்கியம்!'

தமாஷுக்கு எழுதியது. அட, பாவி! அந்த மனுஷன் டூட்டி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

சூப்பர்வைசரைத் தேடிப் போய் அதைச் சொன்னான்.

"டூட்டி முடிஞ்சுதுன்னு வீடியோல எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான்.

வீடியோவை அழித்தான். என்ன பிரயோஜனம்? வேறு யார் யாரோ எடுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

குமரேசன்தான் துப்புக் கொடுத்தான். "அடுத்த வீதிக் கடைலதாங்ணா குடிக்கறாரு. எங்க வேலை கேட்டுப் போனாலும் டூட்டியாவது மண்ணாவதுன்னு சிரிக்கறாங்களாம். யாரும் சேத்திக்க மாட்டேங்கறாங்களாம்."

கடையை ருக்குமணியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினான்.

அடுத்த வீதிக் கடையில் கடைசி பெஞ்சு. சீருடை இல்லாததால் ஆள் சின்னதாகத் தெரிந்தார். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் லைட் டீ. இன்னும் வாய் வைக்கவில்லை.

போய் முன்னால் நின்றான். வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுதான் வந்தது.

"தப்புப் பண்ணிட்டனுங்ணா."

சென்னியப்பன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையை.

"போன் கொண்டாந்திருக்கீங்களா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பையையும் வெளியே இழுத்துக் காட்டினான்.

அவர் தலையாட்டினார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்.

அவன் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ தீரும்வரை அவை மூடவில்லை.