ஆறாவது கும்பிடு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய மாமா பகிர்ந்திருந்தார்: ‘புருஷனை விட்டு வந்தவளை வீட்டில் சேர்க்கும் தாயே முதல் குற்றவாளி.’ அடியில் ஆறு கும்பிடுகள். வான்மதி தொட்டுப் பார்த்தாள். ஆறாவது, அவளைச் சேர்த்துக்கொண்ட அம்மாவுடையது.

“இதப் படிச்சியாம்மா?”

“எங்கண்ணன் போடுறத என்னிக்குடி படிச்சேன்? கும்பிடு போடலன்னா கோவிச்சுக்கும்.”

வான்மதி உரக்கப் படித்தாள். அடுப்படியில் அம்மா கைபேசியை எடுத்தாள்.

“எப்பிடி எடுக்கிறது?”

“கும்பிடத் தொட்டு, உம்பேரத் தொடு. போயிடும்.”

ஆறு ஐந்தானது. மறுபடி ஆறானது.

“நாளைக்கு உங்கூட கோர்ட்டுக்கு எங்கண்ணன்தான்டி வரணும்.”

‘நீங்கள் வர வேண்டாம் மாமா’ என்று வான்மதி குழுவிலேயே எழுதி அனுப்பினாள். உடனே திரையின் மேலே, ‘அம்மா தட்டச்சு செய்கிறார்’ என்று வந்தது. நெடுநேரம் அப்படியே இருந்தது.