பெரியக்கா கொடுத்த காபி

"அக்கா, விடுங்க விடுங்க! விரல் மாட்டிக்கும்!"

பெரியக்கா பதறிப்போய்க் கையை எடுத்தாள். புதிதாகச் சேர்ந்த கணக்காளர் பெண் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, விரலை உதறிக்கொண்டே சிரித்தாள்.

"தள்ளணும்னா சொல்லிட்டுத் தள்ளுங்கக்கா. நான் சக்கரத்தைப் பிடிச்சிருக்கும்போது திடீர்னு பின்னாலேருந்து தள்ளினா, விரல் கம்பிக்குள்ள போயிடும்."

"ஐயோ, என் புத்தியைப் பாரு!"

அந்த அலுவலகத்தில் பேனா முதல் பல்பு வரை பெரியக்காவின் பொறுப்பு. அவளைவிட மூத்தவரான மேனேஜர்கூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். புதுப் பெண் சக்கர நாற்காலியில் வரப்போகிறாள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமையே இரண்டு ஆட்களோடு வந்துவிட்டாள். வருஷக்கணக்காகத் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டிருந்த உடைந்த நாற்காலி, அட்டைப்பெட்டி, பூந்தொட்டி அத்தனையையும் அப்புறப்படுத்தினாள். மேசையின் இழுப்பறையைக் கழற்றி, அந்தப் பெண்ணின் முழங்கால் நுழைய இடம் பண்ணினாள். பெற்ற மகளுக்குக்கூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

பாசம் இருந்த அளவுக்கு விவரம்தான் இல்லை. வேலையில் சேர்ந்த மறுநாள் அந்தப் பெண் மெத்தை வைத்த ஆபீஸ் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிற்கிற சக்கர வண்டி இடைஞ்சலாயிற்றே என்று பெரியக்கா அதை உருட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "அக்கா, என் காலை எங்க வெச்சீங்க?"

ஆபீஸே கொல்லென்று சிரித்தது. பெரியக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியை ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து, அவள் கைக்கு எட்டும்படி நிறுத்தினாள். இன்னொரு நாள் பாரமான பையை வண்டியின் பின்பிடியில் மாட்டிவிட்டாள். வாசல் சரிவில் ஏறும்போது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. காவலாளி மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண் மல்லாந்திருப்பாள். "பின்னால பாரம் ஏறினா வண்டி கவுந்துரும்கா. மடியில குடுத்துடுங்க" என்று அதையும் அவள் கோபிக்காமல்தான் சொன்னாள்.

இதெல்லாம் பெரியக்காவுக்குப் பெரிதாகப் படவில்லை. சொன்னால் திருத்திக்கொள்ளப் போகிறாள். மனசை அறுத்தது காபிதான்.

காலையும் மாலையும் தன் கையால் கலந்து கொண்டுபோய் வைப்பாள். அந்தப் பெண் உதட்டை நனைத்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிடுவாள். பழரசம் கொடுத்துப் பார்த்தாள், அதற்கும் அதே மரியாதை. தண்ணீர் பாட்டில்கூட வைத்தது வைத்தபடி இருந்தது. போதாததற்கு, மதியம் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது அவள் மட்டும் தனியாக வெளியே போய்விடுவாள். வேர்த்து விறுவிறுத்துத் தாமதமாகத்தான் திரும்புவாள்.

வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"பெரியக்கா, அந்தப் புதுப் பொண்ணு வேலையில கெட்டிக்காரிதான், மறுக்கல. ஆனா தினமும் மதியம் அரை மணி லேட்டு. கேட்டா பதில் இல்ல. இப்படியே போனா திங்கட்கிழமை வேற ஆள் பாக்க வேண்டியதுதான்."

பெரியக்காவுக்குப் பகீரென்றது. ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணின் சிரிப்பு அவள் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் இல்லாத மேசையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கொஞ்சம் இடைவெளி விட்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே போனாள். வண்டி மேடுபள்ளமான நடைபாதையை விட்டு ரோட்டோரமாகவே உருண்டு, சிக்னலில் காத்திருந்து, தெருக்கோடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. பெரியக்கா வாசலிலேயே காத்திருந்தாள். அந்தப் பெண் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு உடம்புக்கு? எங்கிட்ட சொல்லக் கூடாதா? மேனேஜர்கிட்ட நான் பேசறேன், வேலை எங்கயும் போகாது!"

"அய்யோ அக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்ல." அந்தப் பெண் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தினாள். "பாத்ரூம் போக வந்தேன்."

"பாத்ரூமுக்கா? ஆபீஸ்ல இல்லாத பாத்ரூமா?"

"அங்க கதவு சின்னதுக்கா, வண்டி நுழையல. உள்ள போனாலும், பக்கத்துல வண்டியை நிறுத்தி நகர்ந்து உக்கார இடம் வேணும். பிடிச்சுக்கக் கம்பி வேணும். இந்த ஆஸ்பத்திரியிலதான் அது இருக்கு. ஒரு தடவை வந்து போகவே சாப்பாட்டு நேரம் முழுக்க ஆயிடுது. அதான் தண்ணியே குடிக்கறதில்ல. நிறைய குடின்னு டாக்டர் திட்டுறார், தலை வேற வலிக்குது. உங்க காபி வாசனை மூக்கைத் துளைக்கும்போது எவ்வளவு கஷ்டமா இருக்கும் தெரியுமா?"

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஐந்து நாளாக இந்தப் பிள்ளையை வம்படியாகக் குடி குடி என்று படுத்தியிருக்கிறாள்!

"இன்டர்வியூவுலயே கேட்டிருக்கலாமே கண்ணு!"

"கேட்டேனே. தாழ்வாரக் கடைசியில இதுக்குன்னே கட்டின பெரிய பாத்ரூம் இருக்கு, யாரும் உபயோகிக்கறதில்லன்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் சேர்ந்தேன். வந்து பாத்தா இவ்வளவு பெரிய பூட்டு தொங்குது. ஸ்டோர் ரூம் ஆக்கிட்டாங்க போலிருக்கு. சேர்ந்த வாரமே குறை சொன்னா நல்லாவா இருக்கும்னு வாயைத் திறக்கல."

பெரியக்காவின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போயிற்று.

"கண்ணு, அந்தப் பூட்டைப் போட்டதே நான்தான். உன் வண்டி எதுலயும் இடிக்காம போகணும்னு தாழ்வாரத்துல இருந்து எடுத்த சாமானையெல்லாம், சும்மாதானே கிடக்குதுன்னு அந்த ரூம்லதான் திணிச்சு வெச்சிருக்கேன்."