பக்கத்தில் உட்காரும் சொல்

“‘ஸப்ர் கரோ, பங்கஜம்’னு போடு,” என்றாள் சகினா.

புஷ்ராவின் விரல் செல்போன் மேல் நின்றது.

அம்மா உருதுவில் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். காலையில்தான் செய்தி வந்திருந்தது. மயிலாப்பூரில் பங்கஜத்தின் கணவர் பஞ்சாட்சரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சகினாவும் பங்கஜமும் தி. நகரில் ஒரே தையல் கடையில் அடுத்தடுத்த மெஷினில் ஜாக்கெட் தைத்தவர்கள். சகினாவுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. பேசுவதும் கடைத்தெருத் தமிழ். மீன் விலை கேட்கவும் ஆட்டோக்காரரோடு சண்டை போடவும் அது போதும். துக்கம் கேட்க அவளுக்கு வீட்டு மொழிதான் வந்தது.

போனில் பேசிவிடலாமே என்று புஷ்ரா சொல்லிப் பார்த்தாள்.

“அவ குரலைக் கேட்டா நான் அழுதுருவேன். அப்புறம் அவ என்னைத் தேத்தணும். இன்னிக்கு அவளுக்கு அந்த வேலை வேற கொடுக்கணுமா?”

தேனாம்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் பக்கம்தான். ஆனால் நேரில் போவதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மொழிபெயர்ப்புதான் புஷ்ராவின் தொழில். வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில், உருது, இந்தித் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறாள். ‘படத்துக்கு அடியில எழுத்து போடுற வேலை’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு, சகினா பேச்சை மாற்றிவிடுவாள்.

முதல் வரியிலேயே ‘இந்திகால்’ வந்தது. செல்போனில் தட்டினால் ‘காலமானார்’ என்றது. அது பேப்பரில் வரும் சொல். ‘இறந்துட்டார்’ என்று போட்டுப் பார்த்தாள். அதில் மரியாதை இருந்தது, மென்மை இல்லை. அழித்துவிட்டு, ‘அண்ணன் தவறிட்டார்னு கேட்டதும்’ என்று எழுதினாள்.

அடுத்தது ‘தில் பைட் கயா’. இதயம் உட்கார்ந்துவிட்டது என்று எழுதினால் பங்கஜம் யாருக்கோ மாரடைப்பு என்று பயந்துவிடுவாள். ‘எனக்கு ஒண்ணுமே ஓடல’ என்று எழுதினாள்.

மூன்றாவது வரிதான் இந்த ‘ஸப்ர்’.

“அம்மி, அது பொறுமைதான். ஆனா தமிழ்ல துக்க வீட்டுல ‘பொறுமையா இரு’ன்னா அதட்டுற மாதிரி கேக்கும். பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறவங்ககிட்ட சொல்ற மாதிரி. உருதுல அந்தச் சொல்லுக்குள்ள ஒரு துஆ, ஒரு பிரார்த்தனை இருக்கு. தமிழுக்கு வரும்போது அது விழுந்துடுது.”

“அப்ப என்ன போடுவ?”

“‘தைரியமா இரு’ன்னு போடலாம்.”

சகினா தலையை ஆட்டினாள்.

“வேணாம். அழாதேன்னு சொல்ற மாதிரி இருக்கு. உருதுலயும் அப்படித்தான் கேக்குதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.”

பிறகு மெதுவாக வேறொன்று சொன்னாள். புஷ்ரா ஒரு சொல்லுக்குக்கூட விளக்கம் கேட்காமல் எழுதினாள்.

‘அன்னிக்கு நீ எங்கிட்ட ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தியே. அதே மாதிரி நான் இப்ப உன் பக்கத்துல உக்காந்துகினு இருக்கேன்.’

எழுதியதை ஒருமுறை பார்த்தாள். ‘இருக்கேன்’ என்பதை அழித்துக் ‘கீறேன்’ என்று மாற்றினாள். பங்கஜத்தின் காதில் சகினாவின் குரல் அப்படித்தான் விழும்.

‘எங்கள் ஆழ்ந்த இரங்கல்’ சேர்க்கவில்லை. அது போஸ்டரில் இருக்கும். படிக்கிறவளுக்குக் கண் கலங்கியிருக்கும் என்பதால் வரிகளைச் சின்னதாக உடைத்தாள். சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

சகினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் சொன்னதேதான். ஆனா நான் இவ்ளோ நல்லாச் சொல்லலையே.”

“சொன்னீங்க அம்மி. அதனாலதான் எழுத முடிஞ்சுது.”

அனுப்பினார்கள். மத்தியானத்துக்கு மேல் பங்கஜத்திடமிருந்து பதில் வந்தது.

‘காலையிலேருந்து யார் சொல்லியும் தண்ணிகூட இறங்கல. நீ பக்கத்துல கீறேன்னியே, அப்புறம்தான் கொஞ்சம் கஞ்சி குடிச்சேன்.’

அதை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள் சகினா.

சாயங்காலம் அவளுடைய அக்கா கைசர் ஜஹான் வேலூரிலிருந்து வந்தாள். வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. சகினாவின் கணவர் ஷாஹுல் ஹமீதின் அடக்கத்துக்கு அவளால் வர முடியாமல் போயிருந்தது. கணவர் போனபின் இருக்கவேண்டிய இத்தாவில், வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கும் தங்கையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள்.

சகினா அவள் கையைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்தாள்.

“அழறது அப்புறம் இருக்கட்டும். என் பொண்ணு இன்னிக்கு என்ன எழுதினான்னு முதல்ல கேளு.”