முனிவர் நின்ற வாசல்

ஜெய்ப்பூர் திகம்பர ஜைனக் கோயில் தலைவர் தாராசந்த் சேட், வெள்ளிக் கலசத்தோடு மூன்று நாளாக வீட்டு வாசலில் நின்று உணவுக்கு அழைத்தும், ஊருக்கு வந்திருந்த முனிவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாளை அவர் ஊரைவிட்டே கிளம்புகிறார்.

“மனசுல என்ன அடையாளத்தை நினைச்சுக்கிட்டு வர்றாரோ! அது கண்ணுல பட்ட வீட்டுலதான் சாப்பிடுவார். தலைவர் வீட்டுல சாப்பிடலைன்னா ஊர் என்னைச் சும்மா விடுமா?” என்று புலம்பியவர், வெளியே வந்த, வெள்ளுடைத் துறவிகளை வணங்கும் சுவேதாம்பரப் பிரிவு மருமகள் நிர்ஜராவிடம் எரிந்து விழுந்தார்.

“கையில என்னம்மா?”

“மரப் பாத்திரம் மாமா. எங்க பெண் துறவிகளுக்குத் தானம் கொடுக்கணும்.”

“வெள்ளைத் துணி, தடி, பாத்திரம்! இதுக்குப் பேரு துறவா? எங்க முனிவருக்குத் திசைதான் உடை. மயில்பீலியும் கமண்டலமும் போதும். ஒரு வேளைதான், அதுவும் நின்னுக்கிட்டே கையில வாங்கிச் சாப்பிடுவார். உங்க ஆகமம் மட்டும் என்ன? அசல் எப்பவோ தொலைஞ்சு போச்சு!”

“தொலைச்சது நீங்க மாமா. எங்ககிட்ட ஆகம நூல் நாப்பத்தஞ்சும் பத்திரமா இருக்கு.”

“முனிவர் வர்ற நேரம். உள்ள போ!”

அதற்குள் முனிவர் வந்துவிட்டார். நின்றார். உள்ளேயும் வந்தார்.

உணவு முடிந்து மௌனம் கலைந்ததும் சேட் கைகூப்பினார். “சுவாமி, அடையாளம் என் வெள்ளிக் கலசம்தானே?”

“மரப் பாத்திரம் ஏந்திய பெண்,” என்றார் முனிவர்.

மாலையில் கோயிலில் கூட்டம் சேட்டைச் சூழ்ந்துகொண்டது.

“முனிவர் மனசு எனக்குத் தெரியாதா? அதான் மருமகளைப் பாத்திரத்தோட வாசல்ல நிக்கச் சொன்னேன்!” என்றார் சேட்.