வானம் பொத்துக்கிட்ட மழை

"இந்த வரி மட்டும் வேணாம், தங்கச்சி," என்றார் மஹ்மூத்.

சிந்துஜாவின் முகம் சுண்டிப்போனது. ஆங்கிலச் சிறுவர் கதையொன்றைத் தமிழாக்கும் வேலையைக் கண்டியிலிருந்த அந்தச் சின்னப் பதிப்பகம் அவளிடம் கொடுத்திருந்தது. மஹ்மூத்தான் அங்கே பதிப்பாசிரியர்.

கதை முழுக்க வானிலைப் பேச்சு. பனிக்குள் புதைந்தது போல் வேலை என்று ஆங்கிலம் சொன்னதை, பனி கொட்டியே பார்க்காத பிள்ளைகளுக்காகத் 'தலைக்கு மேல வேலை' என்று மாற்றியிருந்தாள். சந்தோசத்தில் ஒன்பதாம் மேகத்தில் மிதந்த சிறுவனுக்குக் 'கால் தரையில படல'. அதற்கெல்லாம் மஹ்மூத் தலையாட்டினார்.

ஆங்கிலத்தில் பூனையும் நாயுமாகப் பெய்த மழையில்தான் தகராறு. அப்படியே எழுதினால் பிள்ளைகள் அண்ணாந்து நாயைத் தேடுவார்கள். அதனால் 'வானம் பொத்துக்கிட்டு ஊத்துது' என்று எழுதியிருந்தாள்.

அவர் அதை அடித்துவிட்டு, 'தவளைக்கெல்லாம் கல்யாணம்' என்று போட்டார்.

தூறல் விழுந்தாலும்தான் தவளை கத்தும், மழையின் வேகமே போய்விட்டது என்று வாதாடினாள். வெயிலோடு பெய்தால் நரிக்குக் கல்யாணம் என்போமே, இது அதோடு குழம்பும் என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புள்ளைகளுக்கு இது போதும்," என்றார் அவர். அச்சில் வந்ததும் அவர் வரிதான்.

தமிழ் ருசி தெரியாத மனுசர் என்று முடிவுகட்டினாள் சிந்துஜா.

புத்தகத்தை முதலில் வாசிக்கக் கலகெதரப் பக்கம் ஒரு பாடசாலைக்கு அவளையே அனுப்பினார்கள். பிள்ளைகள் கதையோடு ஒன்றிப்போனார்கள். அந்த இடம் வந்ததும் அவள் பக்கத்தைப் பார்க்கவில்லை. தன் வரியையே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"வானம் பொத்துக்கிட்டு ஊத்துது!"

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள், செருப்பை மாட்டினாள், பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். பின்னாலேயே இன்னும் சிலர். யாரும் அழவில்லை. வெளியே நல்ல வெயில்.

வகுப்பாசிரியை மதுஷா ஒவ்வொருவராக அணைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். பிறகு சிந்துஜாவை ஓரமாக அழைத்துப் போனாள்.

"போன வருசம் மண் சரிஞ்சப்போ, இவங்க அம்மாமார் இதையே கத்தித்தான் பிள்ளைங்கள வெளிய தள்ளிவிட்டாங்க. ஓடித் தப்பினதுங்க இதுங்க மட்டும்தான், மிஸ்."

சிந்துஜா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "மஹ்மூத் சேர் எனக்குச் சொல்லலையே..."

"நாங்கதான் யார்கிட்டயும் சொல்லவேணாம்னு கேட்டுக்கிட்டோம். பரிதாபப்பட்டு யாரும் வாசிக்கக் கூடாதுன்னு."

மதுஷா வாசலில் முதலில் போய் நின்ற சிறுமியைப் பார்த்தாள்.

"பெரிய மழைய எப்படிச் சொன்னா பயமில்லன்னு அவரே இங்க வந்து கேட்டாரு. தவளைக்கெல்லாம் கல்யாணம்னு சொல்லிக் குடுத்தது அந்தப் பிள்ளைதான்."